நீர்ச் சுழற்சி: வாசித்துப் புரிதல் பயிற்சித்தாள்

வகுப்பு 6, அறிவியல். மதிப்பெண் 10, நேரம் 20 நிமிடம்.

பத்தி

உலகிலுள்ள நீரில் சுமார் 97 சதவீதம் கடலில் இருக்கிறது. வெயிலில் அது ஆவியாகும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடும். மேலே போகப் போகக் காற்று குளிரும். அங்கே நீராவி நுண்ணிய தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே ஆவி சுருங்குதல்தான். மேகத்துளிகள் சேர்ந்து கனமானதும் மழை. அப்புறம் அந்த நீர் ஆறாக ஓடும், அல்லது மண்ணுக்குள் இறங்கும்.

வினாக்கள்

1. மழைநீர் ஏன் உப்பாக இல்லை? (2)
2. நீராவி துளியாக எவை இரண்டு உதவுகின்றன? (2)
3. "டம்ளரின் வெளியே இருப்பது உள்ளிருந்து கசிந்த நீர்." சரியா? காரணம் எழுதுக. (4)
4. மழைநீர் செல்லும் இரு வழிகள் எவை? (2)

விடைகளும் மதிப்பெண்ணும்

1. நீர் மட்டுமே ஆவியாகிறது (1); உப்பு கடலில் தங்குகிறது (1).
2. குளிர்ச்சி (1), தூசி (1).
3. தவறு (1). காற்றில் நீராவி உண்டு (1). குளிர்ந்த டம்ளரைத் தொட்டதும் (1) சுருங்கித் துளியாகிறது (1). "தவறு" என்று மட்டும் எழுதினால் 1தான். சொந்த நடையில் எழுதியதை முழுதாக ஏற்கவும். மாணவர் சிந்திப்பது இந்த வினாவில்தான் தெரியும்.
4. ஆறு (1), நிலத்தடி (1).

எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.