பெட்ஷீட் பட்டியல்களுக்கான மதிப்பெண் தாள்: அமைப்பும் இடும் முறையும்

கரூர் கிடங்கு, இணையக் கடைப் பிரிவில் பட்டியல் பார்க்கும் மூவருக்கும்

நம் கடையில் இப்போது 340 பெட்ஷீட், தலையணை உறைப் பட்டியல்கள் இருக்கின்றன. எது சரியில்லை என்று கேட்டால் மூவரும் மூன்று பதில் சொல்கிறோம். போன மாதம் ஒரே தலைப்புக்கு ஒருவர் 17 போட்டார், இன்னொருவர் 9 போட்டார். ஆகவே இனி "நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்வியே வேண்டாம். "இருக்கிறதா, இல்லையா?" என்று மட்டும் பாருங்கள்.

தாளில் ஒரு பட்டியலுக்கு ஒரு வரி. A பொருள் குறியீடு, B தலைப்பு, C உண்மையில் வேறுபட்ட படங்களின் எண்ணிக்கை, D நிரப்பப்பட்ட பண்புகளின் எண்ணிக்கை. E முதல் H வரை மதிப்பெண்கள்: தலைப்பு 20, படங்கள் 30, பண்புகள் 36, விவரம் 14. I மொத்தம். J-யில் "செ.மீ. அளவு உண்டா?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை. K-யில் கடந்த 30 நாள் பார்வைகள்.

பண்புகளுக்கு அதிகம் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடம் திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்தால் பெரும்பாலும் "கட்டிலுக்குப் பத்தவில்லை" என்ற சீட்டுதான். எண்ண வேண்டிய பண்புகள் 12: துணி, செ.மீ. அளவு, உருப்படி எண்ணிக்கை, தலையணை உறை அளவு, நிறம், வடிவமைப்பு, கைத்தறியா விசைத்தறியா, நூல் எண்ணிக்கை, ஜி.எஸ்.எம்., துவைக்கும் முறை, தயாரான நாடு, எச்.எஸ்.என். ஒவ்வொன்றுக்கும் 3. உறையில்லாத ஒற்றை விரிப்புக்கு "பொருந்தாது" என்று எழுதியிருந்தால் நிரப்பியதாகவே கணக்கு. "டபுள்" என்பது அளவல்ல. அது கட்டிலின் பெயர்.

```
G2: =D2*3
I2: =IF(J2="ஆம்",SUM(E2:H2),MIN(40,SUM(E2:H2)))
```

J-யில் "இல்லை" என்றாலும், யாராவது அதைக் காலியாக விட்டாலும் மொத்தம் 40-ஐத் தாண்டாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன்.

தலைப்பில் துணிக்கு 4, பொருளும் அளவும் சேர்ந்திருந்தால் 6 (ஒன்று மட்டும் இருந்தால் பூஜ்யம்), உருப்படி எண்ணிக்கைக்கு 4, நிறம் அல்லது வடிவமைப்புக்கு 3. "சூப்பர்", "பெஸ்ட்" போன்ற புகழ்ச்சி ஒன்றுகூட இல்லையென்றால் 3. நீளத்தை LEN கொண்டு பார்ப்பவர்கள் கவனிக்க: அது உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். "பெட்ஷீட்" கண்ணுக்கு நான்கு எழுத்து, LEN-க்கு 8. ஆகவே 120 என்ற நம் வரம்பு LEN கணக்கில்தான்.

படங்களில், வெள்ளைப் பின்னணியில் முதல் படம் 8 (நீண்ட பக்கம் 1000 பிக்சலுக்குக் கீழே என்றால் பூஜ்யம்), கட்டிலில் விரித்தது 6, மடித்த தொகுப்பு 5, நெசவும் ஓரமும் தெரியும் அண்மைப் படம் 5, அளவு குறித்த படம் 6. ஒரே படத்தை வெட்டி மூன்றாகப் போட்டால் அது ஒன்றுதான்.

விவரத்தில், பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்பதற்கு 5, துவைத்தால் சுருங்குமா என்பதற்கு 5, சாயம் போகுமா என்பதற்கு 4. தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., புகார் தொடர்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவை சட்டமுறை எடையளவு விதிகள் கேட்பவை. இல்லாத பட்டியலைத் தாளில் ஏற்றாமல் உடனே கடையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

ஒரு வரியை நானே போட்டுக் காட்டுகிறேன். BS-D-114, தலைப்பு "சூப்பர் குவாலிட்டி காட்டன் பெட்ஷீட் ப்ளூ". துணி 4, நிறம் 3, மற்றவை பூஜ்யம், ஆக 7. படங்கள் மூன்று இருந்தாலும் மூன்றாவது முதல் படத்தின் வெட்டு; 8 + 6 = 14. பண்புகளில் 7 நிரம்பியிருக்கின்றன, 21. விவரத்தில் பெட்டிக்குள் இருப்பது மட்டும், 5. கூட்டினால் 47, ஆனால் செ.மீ. அளவு இல்லாததால் 40. தலைப்பை "காட்டன் பெட்ஷீட், டபுள் 229 x 254 செ.மீ., 2 தலையணை உறையுடன், நீலக் கட்டம்" என்று மாற்றினால் அங்கே முழு 20. பண்புகளில் அளவையும் நிரப்பி J-யை "ஆம்" என்று மாற்றினால் 40 என்ற பூட்டும் திறக்கும், மொத்தம் 63.

60-க்குக் கீழே சிவப்பு, 79 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. ஆனால் சிவப்பை மேலிருந்து கீழாகத் திருத்தாதீர்கள். யாரும் பாராத பட்டியலில் ஒரு நாளைச் செலவழிப்பது வீண். L-இல் இதைப் போட்டு, பெரிய எண் மேலே வருமாறு வரிசைப்படுத்துங்கள்:

```
L2: =K2*(100-I2)
```

திங்கட்கிழமை மூவரும் ஒரே 20 பட்டியல்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. மொத்தத்தில் 5-க்கு மேல் வித்தியாசம் வரும் வரிகளை எனக்கு அனுப்புங்கள். அங்கே பிழை உங்களுடையது அல்ல, விதியின் வாசகம் தெளிவில்லை என்று கொள்வேன். புதன்கிழமைக்குள் திருத்தித் தருகிறேன். மீதி 320 பட்டியல்களை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.