மருத்துவ விடுப்பு நீட்டிப்புக் கோரும் விண்ணப்பம்

30.08.2025

அனுப்புநர்
க. மல்லிகா, எம்.எஸ்சி., பி.எட்.,
பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: வலது மணிக்கட்டு எலும்பு முறிவு – மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு – 01.09.2025 முதல் 14.09.2025 முடிய 14 நாட்களுக்கு நீட்டித்து வழங்கக் கோருதல் – சார்பாக.

பார்வை: 21.07.2025 முதல் 31.08.2025 முடிய விடுப்புக் கோரி நான் அளித்த விண்ணப்பம்.

வணக்கம். ஜூலை 19, சனிக்கிழமை மாலை, மழை வரப்போகிறது என்று மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கும்போது படியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்ததையும், மணிக்கட்டில் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை முறிந்ததையும் முதல் விண்ணப்பத்தில் தெரிவித்திருந்தேன். அன்றே அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் எலும்பை இழுத்து நேராக்கி, ஒருபக்க மாவுக்கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகு அதை எடுத்துவிட்டு, விரல்களை மட்டும் வெளியே விட்டு, முழங்கைக்குச் சற்றுக் கீழ் வரை முழுக் கட்டுப் போட்டார்கள். முறிந்த எலும்பு மறுபடி விலகியிருக்கிறதா என்று அடுத்தடுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். விலகியிருந்தால் கம்பி வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நல்ல வேளையாக அந்த அளவுக்குப் போகவில்லை. புத்தூர் கட்டுதான் போட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்கள்.

நேற்று, 29.08.2025 அன்று, மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கட்டுக்குள் ஆறு வாரம் அசையாமல் இருந்த மணிக்கட்டு இறுகிப்போயிருக்கிறது. கையை மேல் நோக்கி மடக்கினால் கால்வாசி கூட மடங்குவதில்லை. உள்ளங்கையை மேலே திருப்பி ஒரு தட்டை ஏந்த முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. சாயங்காலம் ஆனால் விரல்கள் வரை வீங்குகிறது. இது வழக்கமானதுதான், பயப்பட வேண்டாம் என்றும், இரண்டு வாரம் தவறாமல் இயன்முறை சிகிச்சை எடுத்துக்கொண்டு அதன்பின் பணிக்குச் செல்லலாம் என்றும் அறிவுறுத்தியிருக்கிறார். அதற்கான மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன்.

சிகிச்சை காலை நேரத்தில்தான். முதலில் மெழுகு ஒத்தடம். பிறகு மணிக்கட்டை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கப் பழக்குகிறார்கள். மென்மையான ரப்பர் பந்தை அழுத்தச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு இதையே செய்ய வேண்டும். பேருந்தில் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவதையும், எடை தூக்குவதையும் இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காலை எட்டரை மணிப் பேருந்தில் நம் பள்ளிக்கு வருபவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது எப்படி என்று தங்களுக்கே தெரியும்.

வகுப்பில் உட்கார்ந்து வாயால் பாடம் நடத்தலாமே என்று ஒரு கேள்வி வரக்கூடும். வேறு பாடமாக இருந்தால் நானே அப்படிக் கேட்டுக்கொண்டு வந்திருப்பேன். கணக்கைக் கரும்பலகையில்தான் நடத்த முடிகிறது. நேற்று மாலை மகளின் பழைய சிலேட்டைச் சுவரில் சாய்த்து வைத்து எழுதிப் பார்த்தேன். மேசை மேல் வைத்து எழுதினால் நாலு வரி எழுத முடிகிறது. தோள் உயரத்தில் எழுத வேண்டுமென்றால் மணிக்கட்டு பின்னால் மடங்கியாக வேண்டும், அங்கேதான் வலி சுருக்கென்று பிடிக்கிறது. இரண்டாவது வரியிலேயே சாக்பீஸ் கைநழுவிவிட்டது. இடது கையால் எழுதிப் பார்த்தேன். வர்க்கமூலக் குறி போட்டால் அது என்னவென்று மகளுக்கே புரியவில்லை. பத்தாம் வகுப்புக்கு இப்போது செய்முறை வடிவியல் நடத்த வேண்டிய நேரம். பலகைக் கவராயத்தின் முனையை ஒரு கையால் ஊன்றி மறு கையால் வில் வரைய வேண்டும். இந்தக் கையோடு வந்து கோணல் மாணலாக வரைந்து காட்டினால் பிள்ளைகளும் அப்படியேதான் வரைவார்கள்.

அதனால் பாடம் எங்கே நிற்கிறது, என்ன செய்யலாம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’, ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ இரண்டையும் நான் விழுவதற்கு முன்பே முடித்துவிட்டேன். ‘இயற்கணிதம்’ பாடத்தை அறிவியல் ஆசிரியர் எடுத்து வருகிறார். அவருக்குத் தம் பாடச்சுமையே அதிகம். அதற்கு மேல் இதையும் ஏற்றுக்கொண்டதற்கு நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும். காரணிப்படுத்துதல், மீ.பொ.வ., மீ.பொ.ம. எல்லாம் முடிந்து இருபடிச் சமன்பாட்டுக்கு வந்திருப்பதாக அவர் தொலைபேசியில் சொன்னார். அதில் இருபடிச் சமன்பாடுகளின் வரைபடத்தை மட்டும் எனக்காக நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதையும் ‘வடிவியல்’ பாடத்தில் வரும் வடிவொத்த முக்கோணம், தொடுகோடு வரைதலையும் திரும்பி வந்தவுடன் நானே எடுத்துக்கொள்கிறேன். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8, வடிவியலுக்கு 8 என்று 16 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. கணக்கு வராது என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளையும் கரைசேர்ப்பது அந்த இரண்டு கேள்விகள்தான்.

இடைப்பட்ட இரண்டு வாரத்துக்கு முதல் இரண்டு பாடங்களிலிருந்து இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்களைத் தினம் சிலவாகப் பிரித்து மகளிடம் எழுதச் சொல்லி இணைத்திருக்கிறேன். கணிதப் பாடவேளையில் வகுப்புத் தலைவர் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதும், பிள்ளைகள் செய்து வைப்பார்கள். அறிவியல் ஆசிரியருக்கு நேரம் இருக்கும்போது விடைகளைப் பார்த்தால் சரி. ஒன்பதாம் வகுப்பில் ‘கண மொழி’ முடிந்துவிட்டது, ‘மெய்யெண்கள்’ பாதியில் நிற்கிறது. எட்டாம் வகுப்பு பற்றிக் கவலையில்லை, தாங்களே எடுப்பதாகச் சொன்னீர்கள்.

ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் ஜன்னல் பக்கம் உட்காரும் இரண்டு மாணவிகள், நான் இல்லாத இந்த வாரங்களில் அடிக்கடி விடுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அறுவடை வேலைக்கோ வீட்டுச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவோ நிறுத்திவிடுகிறார்களா என்று தெரியவில்லை. காலாண்டுத் தேர்வு வரும் நேரம் என்பதால், அவர்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னால் நன்றாக இருக்கும். என்னிடம் அவர்கள் அம்மாக்களின் எண் இருக்கிறது. விடுப்பில் இருந்துகொண்டு நான் பேசுவது முறையா என்ற தயக்கத்தில்தான் தங்களிடம் சொல்கிறேன்.

அலுவலக நடைமுறைக்காகச் சில செய்திகள். களஞ்சியம் செயலியிலும் இந்த நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, மருத்துவச் சான்றைப் பதிவேற்றியுள்ளேன். முந்தைய 42 நாட்களோடு இதையும் சேர்த்தால் மொத்தம் 56 நாட்கள் ஆகின்றன. என் கணக்கில் ஈட்டா விடுப்பு போதுமான அளவு இருப்பதாக அலுவலகத்தில் பணிப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். ஈட்டிய விடுப்பில் கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மகள் கல்லூரியில் சேரும்போது அது தேவைப்படும்.

அப்புறம், கையெழுத்து. முதல் விண்ணப்பத்தின்போது கட்டுப் போட்டிருந்ததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன், தாங்கள் அதற்குச் சான்றொப்பம் அளித்தீர்கள். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எழுதியிருக்கிறாள். கீழே உள்ள கையொப்பம் மட்டும் வலது கையால் நானே போட்டது. பணிப் பதிவேட்டில் உள்ள மாதிரியோடு ஒப்பிட்டால் கொஞ்சம் நடுக்கம் தெரியும். சம்பளப் பட்டியலோடு போகும்போது கருவூலத்தில் கேள்வி எழாமல் இருக்க, இதற்கும் தாங்கள் சான்றொப்பமிட்டு அனுப்பினால் உதவியாக இருக்கும்.

15.09.2025 திங்கட்கிழமை முற்பகல் உடற்தகுதிச் சான்றுடன் பணியில் சேர்ந்துவிடுவேன். சேர்ந்த பிறகும் கை முழுப் பலத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்கிறார்கள். அதுவரை விடைத்தாள் கட்டுகளைத் தூக்குவது, சத்துணவுப் பொருட்கள் வரும்போது மூட்டைகளை எடை பார்த்து வாங்குவது போன்ற வேலைகளிலிருந்து மட்டும் எனக்கு விலக்குக் கொடுத்தால் போதும். பாடவேளையில் குறைக்க வேண்டாம். தேர்வறைக் கண்காணிப்பும் வழக்கம்போல் போடலாம், நிற்பதற்கும் நடப்பதற்கும் கால் நன்றாகவே இருக்கிறது. விடைத்தாள் திருத்துவது கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் குறித்த நாளில் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிடுவேன்.

எனவே, மேற்கண்ட காரணங்களைக் கருத்தில் கொண்டு, 01.09.2025 முதல் 14.09.2025 முடிய 14 நாட்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பை நீட்டித்து வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் தினத்தன்று நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று திட்டமிடுவதாகத் தெரிகிறது. அன்று மிலாடி நபி விடுமுறை, தடுத்தாலும் வருவார்கள். சாலையைக் கடந்து வர வேண்டியிருப்பதால், வருவதாக இருந்தால் பெற்றோர் யாராவது ஒருவருடன் வரச் சொல்லுங்கள் அம்மா.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மல்லிகா
பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)

இடம்: கும்பகோணம்
நாள்: 30.08.2025

இணைப்பு: 29.08.2025 தேதியிட்ட மருத்துவச் சான்று. எக்ஸ்ரே அறிக்கையின் நகல். பத்தாம் வகுப்புக்கான பயிற்சி வினாக்கள், ஆறு பக்கம்.