செந்திலுக்கு: நாமினி வேறு, வாரிசு வேறு

ரூவி, மஸ்கட்
16.1.2026, வெள்ளி

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நேற்று கேம்பில் குக்கரில்தான் பொங்கல் வைத்தோம். வெல்லம் தீய்ந்துவிட்டது, ஆனாலும் மிச்சமில்லை.

போன வாரம் போனில் கோபமாகப் பேசினாய். டெபாசிட் ரசீதில் நாமினி என்று சித்தப்பா பெயரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பன்னிரண்டு லட்சமும் அவருக்கா?" என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும். அதனால்தான் எழுதுகிறேன்.

1998ல் முதல்முறை இங்கே கிளம்பும்போது அந்தக் கணக்கைத் தொடங்கினேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை, தாத்தாவும் இல்லை. வெளியே ஏஜெண்ட் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவசரத்தில் தம்பி பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். அப்புறம் டெபாசிட் போடும்போதெல்லாம் அதே பெயரே தொடர்ந்திருக்கிறது. மாற்றாதது என் சோம்பேறித்தனம். சித்தப்பா கேட்டு வாங்கியது இல்லை.

நான் லீவில் வரும்போது பெட்டியில் பாதி மற்றவர்கள் கொடுத்த பார்சலாக இருக்குமே, நினைவிருக்கிறதா? மார்க்கரில் பெயர் எழுதி, நீல நைலான் கயிறு கட்டியிருக்கும். சின்ன வயதில் நீதான் சைக்கிளில் எடுத்துப்போய் வீடு வீடாகக் கொடுத்தாய். விமான நிலையத்தில் பெட்டியை என்னிடம்தான் கொடுப்பார்கள். அதற்காக உள்ளே இருக்கும் எல்லாம் என்னுடையதா? நாமினியும் அப்படித்தான். பணத்தை யார் கையில் கொடுப்பது என்று பேங்குக்குத் தெரிய ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு உரியவரிடம் கொடுத்ததும் பேங்கின் பொறுப்பு முடிந்தது. வாங்கியவர் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும்.

இது அப்பாவின் சமாதானப் பேச்சு இல்லை. இன்சூரன்ஸ் பணம் பற்றி 1984லேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லிவிட்டது. பேங்க் டெபாசிட்டுக்கு 2010லும், கம்பெனிப் பங்குகளுக்கு 2023 டிசம்பரிலும் அதையே சொன்னது. இன்சூரன்ஸில் மட்டும் 2015ல் சட்டத்தைத் திருத்தினார்கள்: நாமினி பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் என்றால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது. அதைப் படிப்பதில்கூட உயர் நீதிமன்றங்கள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. என் பாலிசிக்கு அம்மாதான் நாமினி, அது அப்படியே இருக்கட்டும்.

சரி, வாரிசு யார்? நான் உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீ, அப்பத்தா, நாலு பேருக்கும் சம பங்கு. பன்னிரண்டு லட்சத்தில் ஆளுக்கு மூன்று. இந்த நால்வரும் இருக்கும்போது சித்தப்பாவுக்கு ஒரு ரூபாய்கூட உரிமை கிடையாது.

சந்தோஷமா? இன்னொன்றையும் கேள். 2022ல் போட்ட எட்டு லட்சத்துக்கு நீ நாமினி. "அது என்னோட பணம், கட்டிக்கொடுத்தாச்சு, உனக்கு என்ன?" என்று அக்காவிடம் சொன்னாயாம். அம்மா சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை, எனக்குத் தெரிய வந்தது. அதிலும் நாலு பங்குதான். மகளுக்குக் கல்யாணம் ஆனதால் பங்கு குறையாது. சித்தப்பாவிடமிருந்து உன்னைக் காப்பாற்றும் அதே சட்டம்தான் உன்னிடமிருந்து அக்காவைக் காப்பாற்றுகிறது.

ஆனால் உன் பயம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். என் ரூமில் இருந்த மன்னார்குடிக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் பெட்டியை நான்தான் கட்டினேன். மகளுக்கு வாங்கிய கொலுசு சாக்ஸுக்குள் இருந்தது. அவருடைய நாமினி அண்ணன். இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் பேங்க் அவரிடம் பணத்தைக் கொடுத்தது. அதில் பேங்கின் தவறு இல்லை. அண்ணன் கைவிரித்தார். இறந்தவரின் மனைவி தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வக்கீல் வைத்து வழக்குப் போட்டார். உரிமை இருந்தது, கையில் பணம் இல்லை. நம்ம சித்தப்பா அப்படிப்பட்டவர் இல்லை. இருந்தாலும் அவரைச் சோதித்துப் பார்க்கும் நிலையை நான் ஏன் உண்டாக்க வேண்டும்?

அதனால் மே மாத லீவில் நாமினியை மாற்றிவிடுகிறேன். அதற்குப் பழைய நாமினியின் கையெழுத்து தேவையில்லை. போன நவம்பரிலிருந்து டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நாமினியை மாற்றினால் மட்டும் போதாது, உயிலும் எழுதப்போகிறேன். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் பங்கு வாங்காதவர்களாக இருப்பது நல்லது. உங்கள் தமிழ் வாத்தியாரையும் எதிர்வீட்டு மாமாவையும் கேட்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் எல்லா ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து அம்மாவிடம் ஒரு செட், அக்காவிடம் ஒரு செட் கொடு. அக்காவிடம் நீயே நேரில் போய்க் கொடு.

நேற்று சித்தப்பா வீட்டுக்கு நீ போகவில்லை என்று அம்மா சொன்னாள். கரிநாளெல்லாம் கழியட்டும், ஞாயிற்றுக்கிழமை போ. வெறுங்கையோடு போகாதே, அவருக்குச் செவ்வாழை பிடிக்கும்.

அன்புடன்
அப்பா