கொலை வழக்கின் நிலை அறியக் கோரும் கடிதம்

அனுப்புநர்
ர. கலைச்செல்வி,
கடலூர் முதுநகர்.

பெறுநர்
அரசுக் குற்றவியல் வழக்கறிஞர் அவர்கள்,
மாவட்ட அமர்வு நீதிமன்றம்,
கடலூர்.

நாள்: 17.11.2025

பொருள்: என் தம்பி ர. மணிகண்டன் கொலை வழக்கு – தற்போதைய நிலையைத் தெரிவிக்கக் கோருதல்.

பார்வை: குற்ற எண் 318/2023, இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 302, அமர்வு வழக்கு எண் 94/2024.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி வழக்கில் புகார் கொடுத்தவள் நான். துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்த்துவந்த என் தம்பி, 14.10.2023 அன்று இரவு, வேலை முடிந்து வரும் வழியில் மூன்று பேரால் வெட்டிக் கொல்லப்பட்டான். அன்று மகாளய அமாவாசை. அப்பாவுக்குப் படைத்த சோற்றை அவனுக்கென்று மூடி வைத்திருந்தோம்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு வந்தது வரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் முறையாக எங்களுக்கு வந்து சேரவில்லை. விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், வழக்கு கோர்ட்டில் இருப்பதால் அங்கேயே கேட்டுக்கொள்ளும்படி சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை செல்போனில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்துச் சொல்வான். அதில் சில சமயம் அடுத்த தேதி இருக்கும், ஏன் தள்ளிப்போனது என்பது இருக்காது.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் முதல் எதிரியின் தாயார் எனக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்து, "வாய்தா டிசம்பருக்குப் போய்விட்டதாமே" என்றார். ஏளனமாகச் சொன்னதாகக் கூற மாட்டேன், சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் என் தம்பியின் வழக்கு எந்தத் தேதிக்குப் போனது என்பதை அந்த வீட்டிலிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அன்று சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தேதி தெரியாததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. சாட்சிப் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர் டீக்கடைப் பெரியவர். சம்பவத்தை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஜாமீனில் வந்திருக்கும் இரண்டாம் எதிரி தினமும் மாலையில் அவர் கடையில் வந்து உட்காருகிறான். டீ குடித்துவிட்டு, கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறான். மிரட்டினானா என்று பெரியவரிடம் கேட்டேன். இல்லை என்றார். பிறகு, "கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறதம்மா, கேட்கத்தான் முடியவில்லை" என்றார். முன்பு இரவு பத்து மணி வரை திறந்திருந்த கடை இப்போது ஏழு மணிக்கே மூடிவிடுகிறது. சம்மன் வரும் நாளில் அவர் பிறழ்சாட்சி ஆகிவிடுவாரோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அப்படி ஆனாலும் அவர்மீது எனக்குக் கோபம் வராது, ஐயா. அதனால்தான் முன்கூட்டியே உங்களிடம் சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் அவருக்குப் பாதுகாப்பு கேட்டு மனுச் செய்ய முடியும் என்று இலவச சட்ட உதவி மையத்தில் சொன்னார்கள். அந்த மனுவை அவர் கொடுக்க வேண்டுமா, தங்கள் தரப்பிலிருந்து போடுவீர்களா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இரண்டாம் எதிரியின் ஜாமீன் நிபந்தனைகள் என்ன, சாட்சியின் கடையில் போய் உட்கார்வது அவற்றை மீறுவதாகுமா, ஜாமீனை ரத்துசெய்யக் கோர இது போதுமா என்பதையும் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எதிரிகள் மீது குற்றச்சாட்டு வனையப்பட்டுவிட்டதா? அரிவாள் பற்றிய தடய அறிவியல் அறிக்கை கோர்ட்டுக்கு வந்துவிட்டதா? டிசம்பரில் எந்தத் தேதி, அன்று சாட்சி விசாரணை தொடங்குமா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால், பெரியவரிடம் போய் நான் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

சாட்சிப் பட்டியலில் நான்காவது நான். தம்பியின் சட்டையை அடையாளம் காட்ட வேண்டியவள். நான் தையல் வேலை செய்கிறேன். அந்தச் சட்டையின் மூன்றாவது பொத்தானைக் கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சவக்கிடங்கில் அந்த நூலைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடமாக அது பொட்டலத்தில் கட்டிக் கிடக்கிறது. கோர்ட்டில் காட்டும்போது அந்தப் பொத்தான் அதில் இருக்க வேண்டும். சான்றுப் பொருட்கள் பத்திரமாக உள்ளனவா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டவர் தரப்பில், அரசுத் தரப்புக்கு உதவியாகத் தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் கேள்விப்பட்டேன். அதற்கு வசதியில்லை. தங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

தங்களுக்கு எத்தனையோ வழக்குகள் இருக்கும் என்பது தெரியும். நேரில் வரச் சொன்னால் எந்த நாள் காலையிலும் மஞ்சக்குப்பம் வந்துவிடுவேன். அம்மாவையும் அழைத்து வரலாமா என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு 62 வயது. நீதிமன்றப் படி ஏறினால் எதிரிகளைப் பார்க்க நேரிடுமோ என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ர. கலைச்செல்வி

இணைப்பு: முதல் தகவல் அறிக்கை நகல், தம்பியின் இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசுச் சான்றிதழ் நகல்.