அக்காவின் பணமும் தோழியின் கேள்வியும்: சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ், நேராக

வேலை போனபின் ஆறு மாத வாடகையைத் தருவதாக அக்கா சொல்கிறார், வாங்கலாமா? அதே வாரத்தில் தோழி தன் படிப்புக் கட்டணத்துக்கு உதவி கேட்கிறாள், கொடுக்கலாமா? இரண்டையும் சேர்த்துக் கேட்டீர்கள். டாரட்டில் வந்தது ஒரே சீட்டு, நேராக.

ரைடர்-வெய்ட் தொகுப்பில், 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் இது. சிவப்பு அங்கி அணிந்த வணிகர் ஒரு கையில் தராசு பிடித்திருக்கிறார், மறு கையால் காசு போடுகிறார். கீழே இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். காசு ஒருவருக்கு விழுகிறது, மற்றவர் இன்னும் காத்திருக்கிறார். பலர் காசையே பார்ப்பார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் தராசில் இருக்கிறது: அளந்து, வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்கும் பணத்தில் நிபந்தனை ஒளிந்துகொள்ள இடம் குறைவு. "எவ்வளவு வேண்டுமானாலும் கேள்" என்று தொடங்கும் உதவிதான் பின்னாளில் கணக்குக் கேட்கும்.

வரிசையில் இதற்கு முந்தைய சீட்டான ஃபைவ் ஆஃப் பென்டக்கிள்ஸில் இருவர் பனியில், விளக்கெரியும் தேவாலய ஜன்னலைக் கடந்து போகிறார்கள். நீங்கள் இப்போது அங்கிருந்து வருகிறீர்கள். ஆகவே வாங்குவதற்கு இந்தச் சீட்டு ஆம் என்கிறது. ஆனால் வாங்குமுன் அக்காவிடம் மூன்றைக் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு, எந்த மாதத்தோடு நிற்கும், திருப்பித் தர வேண்டுமா. பிறகு இதையும் கேளுங்கள்: "நான் எந்த வேலையில் சேர்ந்தாலும் உனக்குச் சம்மதம்தானே, அக்கா?" பதில் சொல்லத் தயங்கினால் அங்கேதான் நிபந்தனை இருக்கிறது. அப்போது கடனாகவே, தவணை எழுதி வாங்குங்கள். கடனுக்கு ஒரு முடிவு உண்டு. சொல்லாத எதிர்பார்ப்புக்கு இல்லை. மண்டியிட்டிருப்பவர்களைப் பார்த்து உங்களுக்குக் கூச்சம் வந்தால், அது இயல்பு. யார் உயரத்தில் நிற்கிறார்கள் என்பதை இந்தச் சீட்டு மறைப்பதில்லை, அதனால்தான் எனக்கு இதன்மேல் மதிப்பு.

தோழி விஷயத்தில் நீங்கள் வணிகரின் இடத்தில் இல்லை. அக்கா வாடகைக்குத் தந்ததைப் பிரித்துக் கொடுத்தால், அக்காவின் பணத்தில் அவருக்குத் தெரியாத இன்னொரு கை சேரும், சிக்கலும் அங்கேயே முளைக்கும். உங்கள் சேமிப்பிலிருந்து, திரும்பவே வராவிட்டாலும் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு இடிக்காத தொகை இருந்தால் கொடுங்கள். அவள் படிப்பைப் பாதியில் விட்டாலும் அதைப்பற்றி விசாரிக்காமல் இருக்க முடியுமா? முடியாதென்றால் தொகையைக் குறையுங்கள், அல்லது அவள் விண்ணப்பம் நிரப்ப, பாடம் படிக்க உங்கள் நேரத்தைக் கொடுங்கள்.

சீட்டு தலைகீழாக வந்திருந்தால், பேச்சு முடியும்வரை பணத்தைத் தொடாதீர்கள் என்றிருப்பேன்.

அக்காவிடம் பேசுமுன் இதே கேள்விக்கு மறுபடி சீட்டு எடுக்க வேண்டாம். பேசியபின் எடுத்தால், "வாங்கலாமா" என்பதை விட்டு, "இந்த ஆறு மாதத்தை எதற்குப் பயன்படுத்துவது" என்று கேளுங்கள்.