மெஸ் இரவு உணவும் தொடரும் வயிற்றுக் கோளாறும்: வார்டனுக்கு ஒரு கடிதம்

அனுப்புநர்:
இரண்டாம் ஆண்டு மாணவி, நுண்ணுயிரியல் துறை,
அறை எண் 214, மகளிர் விடுதி.

பெறுநர்:
வார்டன் அவர்கள், மகளிர் விடுதி.

பொருள்: மெஸ்ஸில் இரவு சாப்பிட்ட பிறகு மாணவிகளுக்கு அடிக்கடி வயிறு கெடுவது குறித்து.

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். மூன்று வாரங்களில் நான்கு முறை, மெஸ்ஸில் இரவு சாப்பிட்ட பிறகு எனக்கு வயிறு கெட்டுப்போய்விட்டது. முதல் தடவை ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை அதே ராத்திரியில் என் அறைத்தோழிக்கும் வந்தது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் தளத்தில் மட்டும் ஒன்பது பேர். ராத்திரி இரண்டரை மணிக்குக் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றோம். ஒருத்தி நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவளுக்குத் தேர்வு. எழுதிவிட்டுத்தான் வந்தாள், ஆனால் பாதி வினாத்தாளைத் தொடவே இல்லை. அன்றைக்குத்தான் உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வெறும் புகாராக வந்து நிற்கக் கூடாது என்று, இரண்டாவது தடவையிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்: யாருக்கு வந்தது, என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள். இதுவரை 21 பேர். அவர்களில் 19 பேர் ஒன்பது மணிக்கு மேல் சாப்பிட்டவர்கள். அதே சாதத்தையும் அதே குழம்பையும் ஏழரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களில் இரண்டு பேருக்குத்தான் தொந்தரவு. லேப் முடித்துவிட்டுக் கடைசியில் வரும் நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறோம். தண்ணீர் எல்லோருக்கும் ஒரே டேங்கிலிருந்துதான் வருகிறது. அதனால் தண்ணீரை விட, சமைத்த உணவு நேரமாக நேரமாக ஆறிக் கிடப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே காலுக்கு நான் தட்டை நீட்டியபோது குழம்பு அண்டாவுக்கு மூடி இல்லை. மேலே ஆடை கட்டியிருந்தது. கரண்டியின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். சாதம் அகலமான பாத்திரத்தில் நடுவில் குவிந்து, தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. சமையல் ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறது என்று பரிமாறும் அக்கா சொன்னார்கள். அப்படியென்றால் எங்கள் தட்டுக்கு வரும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது.

எங்கள் பாடத்தில் படித்ததுதான், மேடம். சமைக்கும்போது கிருமிகள் செத்தாலும், சிலவற்றின் வித்துகள் அந்தச் சூட்டையும் தாங்கிவிடும். சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் அப்படிப்பட்டது. உணவு இளஞ்சூட்டில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். அது வாந்தி உண்டாக்கும் நச்சை உணவிலேயே விட்டுவிட்டால், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நச்சு அழியாது. எங்களுக்கு வந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் எதுவாக இருந்தாலும், பரிமாறி முடியும் வரை உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் இவை பெருகாது.

அதனால் முதலில் கேட்பது, இரவுச் சமையலை இரண்டு தவணையாக வைக்க முடியுமா என்பதுதான். எட்டரைக்கு ஒரு சிறிய அண்டா சாதமும் குழம்பும் புதிதாக இறக்கினால் போதும். கடைசியில் வருபவர்கள் எத்தனை பேர் என்று லேப் அட்டவணையை வைத்தே சொல்லிவிடலாம், அந்தக் கணக்கை வாராவாரம் நானே எழுதித் தருகிறேன். அது முடியாதென்றால், அண்டாக்களை மூடி போட்டு, அடியில் கொதிநீர் வைத்துச் சூடாக வைக்கலாம். சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். அப்புறம், தினமும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் எடுத்து, சுத்தமான டப்பாவில் மூடி, தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். மறுபடி யாருக்காவது வந்தால் பரிசோதிக்க ஏதாவது கையில் இருக்கும். டேங்கையும் ஒருமுறை கழுவச் சொன்னால் நல்லது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனத்தில் வையுங்கள், மேடம். இதற்காகச் சமையல் அண்ணனையோ பரிமாறும் அக்காக்களையோ திட்ட வேண்டாம். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் சமைத்துவிட்டு, ஒன்பதரை வரை நின்று பரிமாறுகிறார்கள். செவ்வாய் ராத்திரி விஷயம் தெரிந்ததும், காலையில் எங்களுக்காகத் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்கள்தான். நேரத்தையும் பாத்திரங்களையும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

என் அறைத்தோழிக்கு மூன்று நாளாகியும் இன்னும் நிற்கவில்லை. ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையிலிருந்து காய்ச்சலும் இருக்கிறது. இன்றே அவளை மருத்துவரிடம் அழைத்துப்போக அனுமதிச் சீட்டு வேண்டும், நான் கூடப் போகிறேன். நோட்டையும் கொண்டு வருகிறேன். நான்கு மணிக்கு உங்கள் அறைக்கு வரலாமா?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறை 214 மாணவி