அறை முன்பதிவு சாட்பாட்: இரண்டு வார வேலைத் திட்டம்

கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கிவிட்டால் கன்னியாகுமரியில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் நம் விடுதிக்கு அறை முன்பதிவு செய்யும் சாட்பாட் வேலையை அக்டோபர் 5 முதல் 18 வரை முடித்துவிடுவோம்.

நாள் 1–3: வாடகை, செக்-இன் நேரம், ரத்து விதி எல்லாம் அப்பா ஒரே தாளில் எழுதித் தருவார். கடல் தெரியும் அறைகள் நான்குதான். 203-ல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால்தான் கடல் தெரியும், அதைச் சேர்க்காதீர்கள்.

நாள் 4–7: வீட்டு ஆட்கள் மட்டும் சோதிப்போம். தமிழ், மலையாளம், இந்தி, அப்புறம் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ். மிச்சமிருக்கும் ஒரே அறையை இரண்டு போனில் ஒரே நேரத்தில் கேட்டுப் பாருங்கள். இரவு 12:30-க்கு ஒருவர் ‘நாளைக்கு ரூம் வேணும்’ என்றால் எந்தத் தேதி? பாட் தானாக முடிவு செய்யாமல் தேதியைத் திருப்பிக் கேட்க வேண்டும். எனக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான்.

நாள் 8–10: பிற்பகல் 3 மணிக்கு அரை மணி நேரப் பயிற்சி. இரவு வாட்ச்மேன் அண்ணனும் கட்டாயம் வர வேண்டும். பாட் திணறினால் உரையாடலைக் கையில் எடுப்பது, கவுண்டரில் கொடுத்த அறையை உடனே கணினியில் பதிவது, இந்த இரண்டும் வந்தால் போதும். ஆதார் நகலைச் சாட்டில் கேட்க வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் 11–14: 14 அறைகளில் 5 மட்டும் சாட்பாட்டுக்கு. மற்றவை வழக்கம்போல் போனில். நோட்டுப் புத்தகமும் கூடவே இருக்கட்டும். ஒரே அறை இருவருக்குப் போனால் சாட்பாட்டை அன்றே நிறுத்தி, எனக்குச் சொல்லுங்கள். விருந்தினருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுப்பது நம் செலவு.